திங்களின் கலைகளும் கிரகணத்தின் அருமையும்: ஒரு படத்தை வாசிக்கும் முறை

ஒரு பக்கத்தில் சூரியனும், நடுவில் பூமியும், பூமியைச் சுற்றி ஒரு வட்டத்தில் எட்டு ஸ்தானங்களில் சந்திரனுமாக வரையப்படும் சித்திரம் நம் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகிறது. சந்திரன் வளர்வதும் தேய்வதும் ஏன் என்ற வினாவுக்கு அது நிறைவான சாட்சி. கிரகணம் ஏன் மாதந்தோறும் நிகழ்வதில்லை என்ற வினாவுக்கோ அது பொய்ச்சாட்சி. இந்த இரண்டாவது குறை ஆசிரியர்கள் அறிந்ததே. சந்திரனுடைய பாதை ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்து அதைத் தீர்த்துவிட்டதாக அவர்கள் கருதுகிறார்கள். அந்தப் பரிகாரம் போதாது என்பதும், படத்திலுள்ள வேறொரு பொய்யைத் திருத்தாமல் சாய்வு மட்டும் எதையும் விளக்காது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கலைகளைப் பார்ப்போம். இத்தகைய படங்களில் பெரும்பாலும் இரண்டு வளையங்கள் இருக்கும். உள்வளையத்திலுள்ள எட்டுச் சந்திரன்களும், எந்த இடத்தில் இருந்தாலும், சூரியனை நோக்கிய பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் நிற்கும். அது வடதுருவத்துக்கு மேலே வெகு உயரத்திலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியும் தோற்றம். வெளிவளையத்தில் உள்ளவையோ, பூமியில் நிற்கும் நாம் அந்தந்த இடத்துச் சந்திரனை அண்ணாந்து பார்க்கும்போது காணும் வடிவங்கள். பார்ப்பவன் நிற்கும் இடம் ஒரே தாளில் இரண்டாக மாறுகிறது என்பதைச் சொல்லாமல் விடுவதனால்தான், பிறையின் இருண்ட பகுதி பூமியின் நிழல் என்ற தவறான அபிப்பிராயம் படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அதை மறுக்க வேறு பிரமாணம் தேடவேண்டியதில்லை, படமே மறுக்கிறது. பூமியின் நிழல் சூரியனுக்கு எதிர்த்திசையில், பௌர்ணமி ஸ்தானத்தை நோக்கி மட்டுமே நீள முடியும். மூன்றாம் பிறையோ சூரியன் இருக்கும் பக்கத்திலேயே நிற்கிறது. அங்கே நம் நிழல் போய் விழ வழியில்லை.

நம் பஞ்சாங்கத்தின் திதிக் கணக்கு இந்த வட்டத்தின் மேலேயே எழுதத்தக்கது. சூரியனிலிருந்து சந்திரன் கிழக்கே விலகும் ஒவ்வொரு 12 பாகைக்கும் ஒரு திதி. ஆகவே 84 பாகை முதல் 96 பாகை வரை அஷ்டமி, அதன் நடுவில் 90 பாகையில் சரிபாதிச் சந்திரன். பூமி தன் அச்சில் சுழலும் திசையையும் படத்தில் குறித்துக்கொண்டால், வளர்பிறை அஷ்டமிச் சந்திரன் நண்பகலை ஒட்டி உதித்து நள்ளிரவை ஒட்டி மறைவதும், பௌர்ணமிச் சந்திரன் சூரிய அஸ்தமனத்தோடு எழுவதும் தாமாகவே வெளிப்படும். ஆனால் வெளிவளையத்துப் பிறையை நிமிர்ந்து நிற்பதாக வரைவது வடதேசத்துப் புத்தகங்களைப் பார்த்தெழுதிய பழக்கம்; நம் அட்சரேகையில், விசேஷமாக மாசி, பங்குனி மாலைகளில், மூன்றாம் பிறை படகுபோல் மல்லாந்து கிடப்பதை எவரும் காணலாம்.

இனிக் கிரகணம். படத்தைச் சொன்னது சொன்னபடி நம்பினால், ஒவ்வோர் அமாவாசையிலும் சந்திரன் சூரியனை மறைக்க வேண்டும்; ஒவ்வொரு பௌர்ணமியிலும் பூமியின் நிழலில் மூழ்கவேண்டும். இங்கேதான் ஐந்து பாகைச் சாய்வு துணைக்கு அழைக்கப்படுகிறது. அது போதுமா என்பதை அளந்து பார்ப்போம். தாளில் பூமியை ஓர் அங்குல வட்டமாக வரைந்தால், இடவசதி கருதிச் சந்திரனை அதிலிருந்து மூன்று அங்குலத்தில் வைப்பார்கள். ஐந்து பாகைச் சாய்வினால் அந்தச் சந்திரன் மேலேயோ கீழேயோ விலகக்கூடிய உச்ச அளவு கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். அந்த இடத்தில் பூமியின் நிழலோ கிட்டத்தட்ட ஓர் அங்குல அகலம்; அதாவது மையத்திலிருந்து இருபுறமும் அரை அங்குலம். சந்திரனுடைய சொந்த அகலத்தையும் சேர்த்துக்கொண்டாலும் அது நிழலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சாய்வைச் சேர்த்த பின்னரும் மாதந்தோறும் பூரண சந்திர கிரகணமே நிகழும்! இதை உணர்ந்தோ உணராமலோ, படம் வரைபவர்கள் ஐந்து பாகையை இருபது, இருபத்தைந்து பாகையாக மிகைப்படுத்தி விடுகிறார்கள். தூரத்தைக் குறைத்த பொய்யை ஈடுசெய்யச் சாய்வைக் கூட்டிய பொய் வந்து சேர்கிறது.

மெய்யான பிரமாணம் வேறு. பூமியின் குறுக்களவு 12,742 கிலோமீட்டர். சந்திரனின் சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ முப்பது பூமிகளின் அகலம். நம் ஓர் அங்குலப் பூமிக்குச் சந்திரன் கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த பொட்டாக முப்பது அங்குலத்துக்கு அப்பால் நிற்கவேண்டும். சூரியனோ ஒன்பது அடி அகலத்துடன் ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில். முப்பது அங்குலம் சென்ற நிழல் கூம்பிக் குறுகி முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகிவிடுகிறது. அதே ஐந்து பாகைச் சாய்வு அங்கே இரண்டே முக்கால் அங்குல விலகலாக விரிகிறது. இப்போதுதான் சந்திரன் நிழலைத் தப்பிச் செல்லத் தாராளமாக இடம் கிடைக்கிறது. கிரகணத்தின் அருமைக்குக் காரணம் சாய்வு மட்டுமன்று. சாய்வும் தூரமும் சேர்ந்ததே காரணம்.

2025ஆம் ஆண்டின் இரண்டு பௌர்ணமிகளைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். செப்டம்பர் 7 இரவு பதினொரு மணி முதல் 82 நிமிஷம் சந்திரன் முழுவதும் நிழலில் மறைந்து செம்மை பூண்டது. அன்று அதன் மையம் நிழலின் மையத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் மட்டுமே விலகியிருந்தது. சந்திரனுடைய பாதை சூரியவீதியை வெட்டும் இரண்டு புள்ளிகளை நம் ஜோதிஷ சாஸ்திரம் ராகு, கேது என்று வழங்குகிறது. அன்று சந்திரன் ராகுவை அடைய மூன்று பாகையே எஞ்சியிருந்தது. அடுத்த பௌர்ணமி அக்டோபர் 7. இடைப்பட்ட மாதத்தில் சூரியனும், அதற்கு எதிரே விழும் நிழலும், ஏறத்தாழ 29 பாகை நகர்ந்துவிட்டன. ராகுவும் எதிர்த்திசையில் ஒன்றரைப் பாகை பின்வாங்கியது. ஆகவே பௌர்ணமிச் சந்திரன் ராகுவைக் கடந்து 27 பாகைக்கு அப்பால், நிழலின் மையத்துக்கு வடக்கே சுமார் 15,000 கிலோமீட்டரில் சென்றது. நிழலின் பாதி அகலத்தையும் சந்திரனின் பாதி அகலத்தையும் கூட்டினாலும் 6,300 கிலோமீட்டரளவே ஆதலால், இரண்டும் தொட்டுக்கொள்ளவும் இல்லை.

சாய்ந்த பாதை பூமியோடு சூரியனைச் சுற்றி வரும்போது தன் சாய்வின் திசையைப் பெரும்பாலும் மாற்றிக்கொள்வதில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது. அதனால்தான் ராகுவையும் கேதுவையும் இணைக்கும் கோடு வருஷத்தில் இருமுறை சூரியனை நோக்குகிறது. அந்தப் பருவங்களில் வரும் அமாவாசை, பௌர்ணமிகளுக்கே கிரகண யோகம். 2025இல் மார்ச் 14 பூரண சந்திர கிரகணம், மார்ச் 29 பகுதிச் சூரிய கிரகணம். செப்டம்பர் 7, 21 தேதிகளில் மீண்டும் அவ்வாறே. சூரிய கிரகணம் ஓர் ஊரில் வாய்ப்பது இன்னும் அரிது; சந்திரனின் கூர்நிழல் பூமியை எட்டும் முன்பே சில சமயம் முடிந்துபோகும் அளவுக்கு மெலிந்தது. 2019 டிசம்பர் 26இல் கோயம்புத்தூரும் திண்டுக்கல்லும் கங்கண கிரகணத்தைக் கண்டபோது சென்னைக்குக் கிட்டியது பகுதி கிரகணமே.

ஆகவே ஆசிரியர் இரண்டாவது படம் ஒன்று வரைவது நலம்: மேலிருந்து பார்த்தது அல்ல, பக்கவாட்டில் பார்த்தது, வட்டமாக அல்ல, முப்பது அங்குல நீளக் காகிதப் பட்டையில். அதுவும் ஓர் எல்லைக்கு உட்பட்டதே. ராகு, கேதுக்கள் பின்வாங்கிப் பின்வாங்கி 18.6 வருஷத்தில் ஒரு சுற்று முடிக்கின்றன. சூரியன் ராகுவிடம் திரும்பி வர 365 நாள் ஆவதில்லை, 346.6 நாளே ஆகிறது. இதனால் கிரகணப் பருவம் ஆண்டுதோறும் சுமார் 19 நாள் முந்துகிறது. 2025இல் மார்ச்சின் நடுவிலும் முடிவிலும் நிகழ்ந்த ஜோடி, 2026இல் பிப்ரவரி 17இலும் மார்ச் 3இலும் வருவதற்கு அதுவே காரணம்.