முதற்சீரில் நிற்கும் விளம்பரம்

வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு நடை போனால் மும்மொழிப் பெயர்ப்பலகைகளில் தமிழ் வரியைத் தனியே பிரித்துப் படித்துப் பார்க்கலாம். 'சுவையுங்கள், மகிழுங்கள், பகிருங்கள்' என்ற வகையைச் சேர்ந்த வரிகள் அவற்றில் நிறைய. ஓசை ஒத்துத்தான் வருகிறது. ஆனால் நாலு கடை தாண்டியதும் எந்த வரி எந்தக் கடையுடையது என்று சொல்ல முடியாது.

காரணம் எழுதுகிறவரின் திறமைக் குறைவு அல்ல. கொழும்பில் விளம்பர வரி பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பிறந்து, பிறகுதான் தமிழுக்கு வருகிறது. ஆங்கிலப் பாட்டுக்கு ஓசை பொதுவாக அடியின் கடைசியில். சிங்கள நாலடிக் கவிக்கும் 'எளிசமய' என்ற ஈற்றொலி ஒப்புமையே முறை. மொழிபெயர்ப்பவர் பொருளோடு அந்த இடத்தையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார். தமிழிலும் அதற்கு இயைபு என்று பெயர் உண்டு. தொல்காப்பியச் செய்யுளியலே அதைத் தொடைகளில் ஒன்றாக எண்ணுகிறது. சிக்கல் வேறு இடத்தில். தமிழ் வாக்கியம் வினையில் முடியும். வினை விகுதியில் முடியும். '-உங்கள்' என்றோ '-கிறது' என்றோ முடித்தால் எந்த இரண்டு வினையும் இயைந்துவிடும். உழைப்பில்லாமல் கிடைக்கும் அந்த ஓசை பொருளில்லாத விகுதியின்மேல் விழுகிறது. எதுகையும் மோனையும் சொல்லின் தலைப்பக்கத்தில், வேர் இருக்கும் இடத்தில் விழுகின்றன. பொருளும் ஓசையும் ஒரே எழுத்தில் சேர்வதால்தான் அவை நினைவில் ஒட்டுகின்றன.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு பேக்கரி. விடியற்காலையில் பாண் அடுப்பிலிருந்து இறங்கும், பின்னேரம் பணிஸ். உரிமையாளர் கையில் ஓர் ஆங்கில வரி இருக்கிறது, அதன் தமிழாக்கம்: 'புதிதாய்ச் சுட்டது, அன்பாய்ப் பகிர்ந்தது.' சுட்டது, பகிர்ந்தது என்று இயைபு சரியாகவே நிற்கிறது. அன்பு எந்தக் கடையிலும் உண்டு. இந்தக் கடையில் மட்டும் உள்ளது என்ன? இரண்டு வேளை, இரண்டு பொருள். வரியை அங்கிருந்து தொடங்கினால்:

காலைப் பாண், மாலைப் பணிஸ்.

நாலு சொல், நாலு சீர். முதற்சீரும் மூன்றாம் சீரும் காலை, மாலை: இரண்டாம் எழுத்து 'லை' ஒன்றாக நிற்க, முதலெழுத்து இரண்டும் நெடில். இது பொழிப்பெதுகை. இரண்டாம் சீரிலும் நான்காம் சீரிலும் பாவும் பவும் மோனையாகின்றன. யாப்பருங்கலக்காரிகை மோனையை முதற்சீரிலிருந்தே எண்ணுவதால் இலக்கண ஆசிரியர் இதைத் தொடையாக ஏற்கமாட்டார்; காது ஏற்கும், நமக்கு அது போதும். காலையும் மாலையும் எதிரெதிர் என்பதால் முரண்தொடையும் கேட்காமலே வந்து சேர்ந்துவிட்டது.

இந்த வரி பழையதாகத் தோன்றாததற்கு முதற்காரணம் அதில் வினை இல்லாததே. வினை வந்தால் கொழும்பில் உடனே ஒரு கேள்வி எழும்: 'வாங்கோ'வா, 'வாங்க'வா? வெள்ளவத்தையில் யாழ்ப்பாணப் பேச்சு அதிகம் கேட்கும். கொட்டாஞ்சேனையில் மலையகத்தார், பரதர், தலைமுறைகளாகக் கொழும்பிலேயே வாழ்பவர் என்று பல பேச்சுகள் கலந்து நடக்கின்றன. ஒன்றை எழுதினால் மற்றவர் அதை வேற்றார் கடை என்பார். 'வாருங்கள்' என்று எழுதினால் அரச அறிவித்தல் போலிருக்கும். வினையை விட்டுவிட்டால் தொல்லை விட்டது. இரண்டாவது காரணம், பாணும் பணிஸும் நாவில் அன்றாடம் புழங்கும் சொற்கள். எதுகைக்காக 'ரொட்டித் துண்டம்' என்று யாரையும் எழுதவைக்கவில்லை.

மூன்றாவது காரணம் அளவு. நாலு சீரில் மோனை எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து இலக்கணம் அதற்கு இணை, பொழிப்பு, ஒரூஉ, முற்று என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறது. முதல் இரண்டு சீரில் வந்தால் இணை. ஒன்றிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு. ஒன்றிலும் நான்கிலும் வந்தால் ஒரூஉ. எல்லாச் சீரிலும் வந்தால் முற்று. இன்று எழுதுகிறவர் விலக்கி வைக்கவேண்டியது முற்றைத்தான். 'பாரெங்கும் பரவிய பாசமிகு பாண்' என்று எழுதினால் ஐம்பதுகளின் மேடைப் பேச்சு வந்து நிற்கும். அடுத்து மாலை போடுவார்கள் என்று எதிர்பார்க்கத் தோன்றும். பொழிப்பில் இடையில் ஒரு சீர் சும்மா நிற்பதால், ஓசை வந்துபோனதை வாசகர் உணர்வதற்குள் பொருள் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எதுகையில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. பட்டு, பாட்டு இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ட்' என்பதால் எதுகை என்று நினைத்துவிடுகிறார்கள். முதலெழுத்து ஒன்றில் குறில், மற்றதில் நெடில். ஆகவே எதுகை இல்லை. பட்டு கட்டோடு சேரும், பாட்டு கூட்டோடு சேரும். உரக்கச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்: பட்டு, பாட்டு என்னும்போது இரண்டாவது சொல் இழுபடும். ஒரு சேலைக் கடைக்கு 'கட்டிப் பார்த்தால் பட்டு தெரியும்' என்று எழுதலாம். கட்டி, பட்டு பொழிப்பெதுகை. நல்ல பட்டை மடிப்பில் வைத்து அறிய முடியாது என்ற தொழில் உண்மையும் அதற்குள் இருக்கிறது. வினை இருக்கிறதே என்றால், இது யாரையும் கூப்பிடும் வினை அல்ல.

மோனையில் இலக்கணம் தாராளமானது. சகரத்துக்குத் தகரமும், ஞகரத்துக்கு நகரமும், மகரத்துக்கு வகரமும் இனமாகும். செய்யுளைக் கேட்பவர் ஓசையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதால் அந்தச் சலுகை அங்கே செல்லும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கிய காலத்திலிருந்து விளம்பரத்தைக் கேட்பவரோ வேறு வேலையில் இருப்பவர். ஒரு தடவைதான் கேட்பார். 'மலிவு', 'வரவு' என்பது மோனை என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. விளம்பரத்துக்கு அதே எழுத்து வேண்டும்; உயிர் மட்டும் இனத்துக்குள் மாறலாம், பாண், பணிஸ் போல.

ஒலியில் தேறிய வரி பலகையில் கெடுவதும் உண்டு. மும்மொழிப் பலகையில் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒடுங்கிய பட்டி. வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் இடம் முடிந்த இடத்தில் வரியை உடைப்பார். 'காலைப் பாண், மாலைப்' என்று ஒரு வரியும் 'பணிஸ்' என்று மறுவரியும் வந்தால் எல்லாம் போயிற்று. இரண்டாம் சீரில் உடைக்கச் சொல்லிக் கொடுக்கவேண்டும். அப்போது காலை ஒரு வரியின் தலையிலும் மாலை அடுத்த வரியின் தலையிலும் ஏறி, பொழிப்பெதுகை அடியெதுகையாகிவிடும். கண்ணுக்கும் அது தெரியும்.

கடைப்பெயர் முதற்சீராக வரவேண்டும் என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் வேலை கடினமாகும், ஏனென்றால் இரண்டாம் எழுத்தை அவர் ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டார். லட்சுமி என்று பெயர் வைத்த சேலைக் கடைக்காரர் அதிர்ஷ்டசாலி: ல, ட் என்று வருவதால் பட்டு தானே வந்து எதுகையாகும். அதே பெயரை லக்ஷ்மி என்று எழுதிய பலகையில் அந்த எதுகை காதுக்கு மட்டுமே, அதுவும் லட்சுமி என்று சொல்பவர் வாயில். இலட்சுமி என்று இலக்கண சுத்தமாக எழுதினால் இரண்டாம் எழுத்து 'ல' ஆகிப் பட்டு கைவிட்டுப் போகும். இகர மோனைக்கு இனிமையோ எழிலோ தேடவேண்டிவரும், அவை இரண்டும் ஏற்கெனவே எல்லாப் பலகையிலும் இருக்கின்றன. அந்த நிலையில் கடைப்பெயரை மேலே தனியே விட்டு, அதன் கீழே புதிதாக ஒரு முதற்சீரைத் தொடங்க முதலாளியைச் சம்மதிக்கவைப்பதே நல்லது.