பழைய காய்ச்சலுக்கு இரத்தம் சொல்லும் சாட்சி: டெங்குத் துண்டில் உள்ள ஐஜிஎம், ஐஜிஜி எதைக் காட்டுகின்றன?

கடந்த மாரிகாலத்தில் ஒரு மாலை, பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் தன் மகனின் இரத்தப் பரிசோதனைத் துண்டுடன் என் வீட்டுக்கு வந்தார். மகனுக்கு 19 வயது. காய்ச்சல் தொடங்கி அன்று நான்காம் நாள். நான் பல ஆண்டுகள் வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் என்பதால் இப்படித் துண்டுகள் என்னிடம் வருவது வழமை.

துண்டில் மூன்று வரிகள் இருந்தன. என்எஸ்1 இல்லை. ஐஜிஎம் இல்லை. ஐஜிஜி உண்டு.

"ஐயா, ஐஜிஜி எண்டால் பழைய காய்ச்சல் எண்டு சொல்லினம். அப்ப பயப்பிட ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்லியிருந்தால் அது பெரும் பிழையாகியிருக்கும். அதற்கான காரணத்தை விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் வரும் காவல்

டெங்கு வைரஸைக் காவும் நுளம்பு கடித்தவுடன் எங்கள் உடலில் முதலில் எழுவது பிறப்பிலேயே உள்ள நோய் எதிர்ப்பு. பாடப்புத்தகத்தில் இதை உள்ளார்ந்த நிர்ப்பீடனம் என்று படித்திருப்பீர்கள். தோலிலும் குருதியிலும் உள்ள சில வெண்குழியங்கள் வந்தது எந்தக் கிருமி என்று பார்ப்பதில்லை. அந்நியமானது என்று தெரிந்தாலே போதும், அதை விழுங்குகின்றன. கூடவே இன்ரபெரோன் போன்ற இரசாயனங்களை வெளிவிட்டு அயல் கலங்களை எச்சரிக்கின்றன. காய்ச்சலும் உடம்பு முறிவும் பெரும்பாலும் இந்தப் போராட்டத்தின் விளைவுதான்.

இந்தக் காவல் சில மணித்தியாலங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் அதற்கு ஞாபகம் மிகக் குறைவு. பத்து வருடங்களின் பின் அதே கிருமி வந்தாலும் புதிதாக வந்தது போலத்தான் எதிர்கொள்ளும்.

பிந்தி வந்தாலும் மறக்காத காவல்

இரண்டாவது, பெற்றுக்கொள்ளும் நிர்ப்பீடனம். வந்த கிருமிக்கென்றே அளவெடுத்துப் பிறபொருளெதிரிகளைச் செய்யும் வேலை இது. அதற்கு நாட்கள் தேவை.

முதற்தடவை டெங்கு தொற்றியவருக்கு முதலில் வருவது ஐஜிஎம். காய்ச்சலின் மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் தென்படத் தொடங்கி, பத்தாம் நாளளவில் ஏறக்குறைய எல்லோரிலும் இருக்கும். இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாகக் குறையும். முதல் வாரம் முடியும்போது ஐஜிஜி மெதுவாக எழும். பின்னர் பல ஆண்டுகள், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் இருக்கும். அதனால்தான் "ஐஜிஎம் புதிது, ஐஜிஜி பழையது" என்று பேச்சுவழக்கில் ஒரு வாய்ப்பாடு வந்துவிட்டது.

இரண்டாம் தடவை டெங்கு வரும்போது இந்த வாய்ப்பாடு பொய்த்துப் போகும். ஞாபகக் கலங்கள் ஏற்கனவே தயாராக இருப்பதால் ஐஜிஜி காய்ச்சலின் முதல் நாட்களிலேயே மிக வேகமாகப் பெருகும். ஐஜிஎம் குறைவாகவே வரும். சிலரில் தென்படாமலும் போகலாம். என்எஸ்1 என்பது வைரஸ் வெளிவிடும் ஒரு புரதம். ஐஜிஜி அதைப் பிடித்து மறைத்துவிடுவதால், இரண்டாம் தொற்றில் அந்தப் பரிசோதனையும் 'இல்லை' என்று வர இடமுண்டு.

அந்தத் தாயிடம் முழு இரத்தப் பரிசோதனைத் துண்டையும் கேட்டு வாங்கினேன். வெண்குழியங்கள் 2,800. பிளேற்லெற் 82,000. இரண்டும் குறைவு. நான்கு நாள் காய்ச்சல், விழுந்த பிளேற்லெற், அழுத்தமான ஐஜிஜி கோடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இப்போது நடப்பது இரண்டாம் டெங்கு என்றே சந்தேகிக்க வேண்டும்.

"இவனுக்கு முந்தி டெங்கு வரேல்லையே," என்றார். பிறகு சற்று யோசித்து, "முகாமில இருக்கேக்க காய்ச்சல் காய்ஞ்சவன். அப்ப எல்லாருக்கும் காய்ச்சல்தான். என்ன காய்ச்சல் எண்டு ஆர் பார்த்தது?" என்றார்.

எங்களில் பலருக்கு இதே நிலைதான். கிளினிக் கொப்பிகள் இடப்பெயர்வுகளில் தொலைந்தன. அதைவிட, டெங்குத் தொற்றுகளில் பெரும்பாலானவை அறிகுறி இல்லாமலோ சாதாரணக் காய்ச்சலாகவோ கடந்துவிடும். முன்னர் ஒரு தடவை தொற்றியது என்று ஐஜிஜி சொல்லும்; எந்த ஆண்டு, எந்த இடம் என்று சொல்லாது. அது முகாமிலா, பின்னர் ஊரிலா என்று எவராலும் அறிய முடியாது.

இரண்டாம் தடவை ஏன் ஆபத்து?

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உருவான ஐஜிஜி அந்த வகையைத் தடுக்கும். வேறொரு வகை வந்தால் அதைப் பிடிக்கும், ஆனால் செயலிழக்கச் செய்யாது. இப்படிப் பிடிக்கப்பட்ட வைரஸை வெண்குழியங்கள் இன்னும் இலகுவாக உள்ளே எடுக்கின்றன. அங்கே அது பெருகுகிறது. அதன் தொடர்ச்சியாக எழும் கடும் எதிர்வினையில் குருதிக்குழாய்கள் கசியத் தொடங்குகின்றன.

இதைத் தெளிவாகக் காட்டிய நாடு கியூபா. 1977இல் அங்கு முதலாம் வகை பரவியது. பெரும்பாலும் மிதமான நோய். 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தனர். அவர்களில் 101 பேர் சிறுவர்கள். 1997இல் சந்தியாகோ டி கியூபா நகரில் மீண்டும் இரண்டாம் வகை பரவியபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். அதாவது, 20 ஆண்டுகளுக்கு முந்திய தொற்றின் விளைவு அப்போதும் நீங்கியிருக்கவில்லை.

இரண்டாம் தொற்று எல்லோருக்கும் கடுமையாவதில்லை, பெரும்பாலானோர் சுகமாகிறார்கள். முதற்தொற்றிலும் சிலர் ஆபத்தான நிலைக்குப் போவதுண்டு. ஆகவே ஐஜிஜி ஒரு தீர்ப்பு அல்ல, எச்சரிக்கை.

துண்டு ஏமாற்றும் இடங்கள்

டெங்கு பரவலாக உள்ள எங்கள் நாட்டில், காய்ச்சலே இல்லாதவரின் குருதியிலும் ஐஜிஜி இருக்கலாம். ஆகவே ஐஜிஜியை மட்டும் தனியே வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி எடுத்து, அதன் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருந்தால் தொற்று உறுதியாகும். ஆனால் நோயாளியின் படுக்கையருகே அதுவரை காத்திருக்க முடியாது.

ஐஜிஎம்முக்கும் இதே சிக்கல் உண்டு. இரண்டு மாதத்துக்கு முன் டெங்கு வந்தவருக்கு இப்போது எலிக்காய்ச்சல் வந்தால், மிச்சமிருக்கும் ஐஜிஎம் டெங்கு என்றே காட்டும். வயலில் இறங்கியவர்கள் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மறுபுறம், முதலிரு நாட்களில் எடுத்த துண்டில் ஐஜிஎம் 'இல்லை' என்றிருப்பதற்கு அர்த்தமே இல்லை. உடல் அதை இன்னும் செய்யவில்லை.

பிறகு நடந்தது

"துண்டைக் கொண்டு இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ, தங்கச்சி," என்றேன். அன்றிரவே மகனை வாட்டில் அனுமதித்தார்கள். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் விட்டது. வீட்டில் இருந்திருந்தால் சுகம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் கசிவு தொடங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். குருதி எவ்வளவு தடிப்பாகிறது என்று காட்டும் பிசிவி அவனுக்கு 38இலிருந்து 46ஆக ஏறியது. அளந்து அளந்து சேலைன் கொடுத்தார்கள். எட்டாம் நாள் வீடு வந்தான். ஏழாம் நாள் எடுத்த பரிசோதனையில் ஐஜிஎம் கோடு மெல்லியதாகத் தெரிந்திருந்தது.

ஆகவே டெங்குத் துண்டு கையில் கிடைத்தால், காய்ச்சலின் எத்தனையாவது நாளில் இரத்தம் எடுத்தது என்பதை முதலில் அதில் எழுதிவையுங்கள். அந்த நாள் தெரியாமல் ஐஜிஎம்மையும் ஐஜிஜியையும் எவராலும் சரியாக வாசிக்க முடியாது. ஓயாத வாந்தி, வயிற்று வலி, குளிர்ந்த கைகால், குறைந்த சிறுநீர், எங்காவது இரத்தக் கசிவு இருந்தால், துண்டில் என்ன எழுதியிருந்தாலும் வைத்தியசாலைக்குப் போங்கள்.