திரும்பக் கூப்பிடுவீங்களா?

தீபாவளி வந்தால் நமக்குக் கொண்டாட்டம். சிவகாசிக்கு அதற்கப்புறம்தான் லீவு! சில வாரம் ஓய்வு. பிறகு பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக்கான வேலையை ஆரம்பிப்பார்கள்.

2018-ல் அந்தப் பூஜை நடக்கவில்லை.

அந்த அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்யலாம். பேரியம் நைட்ரேட் இல்லாமல் கம்பி மத்தாப்பும் பூச்சட்டியும் செய்து பழகாத ஊர் அது. 'இந்த நிபந்தனையோடு நடத்த முடியாது' என்று நவம்பரில் ஆலைகள் கதவை மூடின. 'காலவரையின்றி' என்றார்கள்.

இந்த ஒற்றை வார்த்தையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'மறுபடி கூப்பிடுவாங்க' என்று காத்திருப்பதா, கட்டடச் சித்தாள் வேலைக்குக் கிளம்பிவிடுவதா? தொழிலாளிக்கு அதுதான் கேள்வி. அதற்கு மட்டும் அந்த வார்த்தையில் பதில் இல்லை!

சட்டம் இங்கே ரொம்பத் தெளிவு. அன்று அமலில் இருந்த 1947-ம் வருஷத் தொழில் தகராறுச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தது. 'லே-ஆஃப்' என்றால் இப்போதைக்கு வேலை இல்லை, ஆனால் நீ எங்கள் ஆள்தான். பொதுவாக ஐம்பது பேராவது உள்ள ஆலையில், ஒரு வருஷம் வேலை பார்த்து, மஸ்டர் ரோலில் பெயரும் இருந்தால் பாதிச் சம்பளம். 'ஆட்குறைப்பு' என்றால் உறவு முடிந்தது. ஒரு மாத நோட்டீஸ், அல்லது அதற்கான சம்பளம். கூடவே, முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம்.

ஓர் உதாரணம். பத்து வருஷம் வேலை பார்த்த ஒரு அக்கா, சராசரியாக நாளுக்கு 300 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். 150 நாள் கணக்கு - 45,000 ரூபாய். நோட்டீஸ் சம்பளம் தனி. பீஸ் ரேட் கூலியும் சம்பளம்தான். ஆனால் பெயர் பதிவேட்டில் ஏறாமல், கூலி வெறும் துண்டுச் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், பத்து வருஷத்தை எப்படி நிரூபிப்பார்?

ஆகவே ஒரு ஃபோர்மேன் ஆட்களைக் கூட்டி நிறுத்தும்போது, 'தீர்ப்பு வந்துடுச்சும்மா, நாங்க என்ன பண்றது' என்று நிறுத்திவிடக் கூடாது. இது லே-ஆஃபா, ஆட்குறைப்பா? யாருக்கு எவ்வளவு, என்றைக்கு? வாங்கிய முன்பணம் எப்படிக் கழியும்? யாரை முதலில் அனுப்புகிறோம்? 'கடைசியில் வந்தவர் முதலில்' என்பது சட்டத்தின் பொது வரிசை. மாற்றினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். தேதி தெரியாவிட்டால், 'தெரியலை. அடுத்த திங்கட்கிழமை தெரிஞ்சதைச் சொல்றேன்' என்று சொல்லி, திங்கட்கிழமை வந்து நிற்க வேண்டும்.

2019 மார்ச்சில் ஆலைகள் திறந்தன. பேரியத் தடை மட்டும் விலகவில்லை. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. 15 நாள் கணக்கு அதிலும் தொடர்கிறது. கூடவே, மறுதிறன் பயிற்சிக்கென இன்னொரு 15 நாள் சம்பளம், 45 நாளுக்குள் தொழிலாளி கணக்கில் ஏற வேண்டும். ஒரு வருஷத்துக்குள் மறுபடி ஆள் எடுத்தால், அனுப்பப்பட்டவருக்கே முதல் உரிமை.

எல்லாம் சரி... கூப்பிட வேண்டுமானால், அவர் பெயர் நோட்டில் இருக்கணுமே!