முற்றுப்புள்ளிக்குப் பின் வரும் சொல்

தமிழில் ஒரே வினைமுற்றை நம்பி எத்தனை எச்சங்களையும் அடுக்கலாம். நீண்ட வாக்கியங்கள் பலவும் கெடுவது அந்த வசதியால்தான். செய்தி எழுதுவோரிடம் அடிக்கடி காணும் நடையில் ஒன்றை அமைத்துக் காட்டுகிறேன்:

“மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் நிலையில் 2024-இல் நீர் போதாமல் அன்று திறக்கப்படாமல் இருந்து, ஆனால் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் நாற்று விட்டு, அதனால் மற்றவர்கள் காத்திருந்தனர்.”

நாற்று விட்டவர்கள் யார், காத்திருந்தவர்கள் யார்? ‘செய்து’ என்னும் வாய்பாட்டு எச்சத்தின் வினைமுதலும் முடிக்கும் வினையின் வினைமுதலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது தொல்காப்பியம் வினையியலில் வகுத்த நெறி. ‘விட்டு’ என்ற எச்சம் தன் எழுவாயைக் கைவிட்டு, வேறொருவரின் ‘காத்திருந்தனர்’ என்ற வினையைப் பற்றிக்கொள்கிறது. அதைவிடப் பெரிய பிழை ‘அதனால்’. கிணறு உள்ளவர்கள் நாற்று விட்டதே மற்றவர்கள் காத்திருக்கக் காரணம் என்று அந்தச் சொல் பொய் சொல்கிறது. காரணம் ஆற்றில் நீர் வராதது. அது வாக்கியத்தின் முற்பகுதியில் புதைந்து கிடக்கிறது.

முதலில் இணைப்புச் சொற்களை எல்லாம் நீக்கி, ஒவ்வொரு செய்தியையும் முற்றுப்பெறச் செய்ய வேண்டும். பிறகு எதற்கு எது காரணம் என்று பார்த்து இணைக்க வேண்டும்:

“மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும். ஆனால் 2024-இல் அன்று திறக்கப்படவில்லை. ஏனெனில் அணையில் போதிய நீர் இல்லை. எனவே ஆற்று நீரை மட்டுமே நம்பியவர்கள் காத்திருந்தனர். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் நாற்று விட்டனர்.”

கடைசி வாக்கியத்தின் முன் எதையும் வைக்கவில்லை. இரு சாராரின் வேறுபாடு எழுவாய்களிலேயே தெரிகிறது. அங்கே இன்னொரு ‘ஆனால்’ வந்தால், சற்று முன் திரும்பிய வாசகர் மறுபடியும் திரும்ப நேரும்.

‘ஏனெனில்’ மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. காரணத்தை முன்னும் விளைவைப் பின்னும் சொல்வதே நம் பேச்சின் இயல்பு. வாசகர் அறிந்த காரணமானால், “நீர் போதாததால் திறக்கப்படவில்லை” என்ற ஒரே வாக்கியம் போதும். காரணமே புதிய செய்தியாக நிற்கும்போதுதான் அதற்குத் தனி வாக்கியம் தேவை. அப்போதும் “ஏனெனில் நீர் இல்லாததால்.” என்று நிறுத்துவது பிழை. ‘ஆல்’ உருபு ஒரு வினையை எதிர்பார்த்து நிற்கும். வினை வராமல் புள்ளி விழுகிறது. பழைய உரையாசிரியர்கள் ‘என்னை?’ என்று வினவி ‘ஆகலான்’ என்று முடித்தது உண்மைதான். அது வினாவும் விடையுமாக ஓடும் உரைநடைக்கு உரிய மரபு. அதைக் காட்டி இன்றைய குறைவாக்கியத்தை நியாயப்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன். “ஏனெனில் நீர் இல்லை” என்று முற்றாக முடித்தால், அடுத்து வரும் ‘எனவே’ பற்றி நிற்க ஒரு முழு வாக்கியம் கிடைக்கும்.