யாஸ்கிச்சியில் சுட்டது யார்?

1992 ஜூன் 14. போஸ்னியாவின் பிரியெடோர் வட்டாரத்தில் யாஸ்கிச்சி என்ற சிற்றூருக்குள் ஆயுதம் தாங்கிய செர்பியர்கள் நுழைந்தார்கள். முஸ்லிம் ஆண்களை வீடுகளிலிருந்து இழுத்துப்போட்டு அடித்தார்கள். பலரைப் பிடித்துச் சென்றார்கள். அவர்கள் போன பிறகு ஐந்து ஆண்கள் பிணமாகக் கிடந்தார்கள். நால்வருக்குத் தலையில் குண்டுக் காயம்.

வந்தவர்களில் ஒருவர் டூஷ்கோ தாதிச். பக்கத்து ஊரான கோஸாரட்ஸில் காபிக்கடை நடத்தியவர், கராத்தே சொல்லிக்கொடுத்தவர். 1994-ல் ஜெர்மனியில் பிடிபட்டு, ஹேக் நகரில் யூகோஸ்லாவியப் போர்க் குற்றங்களுக்கான தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டார். அவர் அடித்ததைப் பார்த்த சாட்சிகள் இருந்தார்கள். சுட்டதைப் பார்த்தவர் யாருமில்லை.

1997 மே மாதத் தீர்ப்பு வேறு பல குற்றங்களில் அவரைத் தண்டித்தது. ஆனால் இந்த ஐந்து கொலைகளிலிருந்து விடுவித்தது. அதே நாளில் பக்கத்து சிவ்ட்ஸியிலும் இதேபோல ஆட்களைப் பிடித்தார்கள், அங்கே யாரும் கொல்லப்படவில்லை. ஆகவே யாஸ்கிச்சியில் வேறொரு படைப்பிரிவு கொன்றிருக்கலாம் என்ற சந்தேகத்தின் பலனைத் தாதிச்சுக்குத் தந்தார்கள்.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. சிக்கல் அங்கேதான். தாதிச் யாருக்கும் தளபதி இல்லை. ஆகவே கீழுள்ளவர்களைத் தடுக்கவில்லை என்று பொறுப்பாக்க முடியாது. கொல்லும்படி உத்தரவிட்டதற்கும் சான்றில்லை. உடந்தை என்றால், கொலைகாரனுக்கு உதவுகிறோம் என்று தெரிந்தே உதவியிருக்க வேண்டும்.

1999 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு வேறு வழியில் போனது. கொன்றது தாதிச் இருந்த கும்பல்தான் என்பதைத் தவிர நியாயமான முடிவு வேறில்லை என்றது. பிறகு, 'கூட்டுக் குற்றத் திட்டம்' என்ற கோட்பாட்டை விரித்தது. எல்லோரும் ஒரே குற்றத்தை நோக்கமாகக் கொள்வது முதல் வகை. வதைமுகாம் போன்ற அமைப்பு இரண்டாவது. மூன்றாவதுதான் தாதிச்சுக்குப் பொருந்தியது. பிரியெடோரிலிருந்து செர்பியர் அல்லாதவர்களை விரட்டுவது பொதுத் திட்டம்; அதில் கொலை விழக்கூடும் என்று அவருக்குத் தெரியும்; தெரிந்தும் கூடவே போனார். இரண்டாம் உலகப் போரில் எஸ்ஸன் நகரில் பிரிட்டிஷ் விமானிகளைக் கும்பல் அடித்துக் கொன்ற வழக்கை முன்னுதாரணமாகக் காட்டினார்கள். நம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 149-வது பிரிவை அறிந்தவர்களுக்கு இந்த வாதம் புதிதாகத் தோன்றாது.

தாதிச்சின் தண்டனை இறுதியில் 20 ஆண்டுகளில் நின்றது. யாஸ்கிச்சியைப் பொறுத்தவரை முடிவு சரிதான் என்பது என் கருத்து. ஆனால் கொல்லும் எண்ணம் நிரூபிக்கப்படாத ஒருவரைக் கொலைகாரர் என்று அழைப்பதற்கான கதவு அன்று திறந்தது. அது எவ்வளவு அகலம் என்று பிறகு நீதிபதிகளுக்கே பயம் வந்தது. 2010-ல் கம்போடியாவின் கெமர் ரூஜ் நீதிமன்றம், 1970-களில் இந்த மூன்றாம் வகை சர்வதேச வழக்காற்றுச் சட்டமாக இருக்கவில்லை என்று சொல்லி அதை ஏற்க மறுத்தது. அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.