சூரிய மின்கலம்

சூரிய மின்கலம் ஒளியை நேரடியாக மின்னோட்டமாக மாற்றும் குறைகடத்திக் கருவி. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள சம்பூரில் முதலில் திட்டமிடப்பட்டது நிலக்கரி அனல் மின்நிலையம். அது கைவிடப்பட்ட பின், 120 மெகாவாற்று சூரிய மின்நிலையத்துக்கான பணி 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்களின் அடிப்படை அலகு, கையகல சிலிக்கன் தகடு.

தகட்டின் ஒரு பக்கத்தில் போரனும் மறுபக்கத்தில் பொசுபரசும் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையில் நிலையான மின்புலம் ஒன்று உருவாகிறது. போதிய ஆற்றலுள்ள ஒளித்துகள் ஓர் இலத்திரனை விடுவிக்கும்போது, அது இருந்த இடம் துளையாகிறது. மின்புலம் இலத்திரனை ஒரு பக்கமும் துளையை மறுபக்கமும் பிரிக்கிறது. பிரிந்த இலத்திரன்கள் வெளிச்சுற்று வழியே திரும்பி வருவதே மின்னோட்டம்.

182 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு கலத்தை எடுத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் அதன்மீது விழுவது ஏறத்தாழ 33 உவாற்று. முனைகளை நேரே இணைத்தால் 13.5 அம்பியர் ஓடும். ஆனால் வோல்ற்றளவு சுழியம். முனைகளைத் திறந்து விட்டால் 0.69 வோல்ற்று கிடைக்கும். ஆனால் ஓட்டம் இல்லை. இரண்டின் பெருக்கமான 9.3 உவாற்று ஒருபோதும் கைக்கு எட்டாதது. இடையிலுள்ள சிறந்த புள்ளியில் கிடைப்பது 7.64 உவாற்று. இந்த இரு வலு அளவுகளின் விகிதமே நிரப்புக் காரணி. இங்கு அது 0.82. வினைத்திறன் 23 சதவீதம்.

கடற்கரையில் கவனிக்க வேண்டியது இந்தக் காரணியைத்தான். உப்புக் காற்றும் ஈரமும் உள்ளே புகுந்து இணைப்புகளை அரித்து, 5 மில்லியோம் தடை கூடினாலே 0.8 உவாற்று வெப்பமாகிவிடும், காரணி 0.73க்கு இறங்கும். ஆனால் மேற்சொன்ன இரண்டு எல்லை அளவுகளும் ஏறக்குறைய மாறாமலே இருக்கும். அவற்றை மட்டும் மானியால் பார்த்தவருக்குப் பலகை நலமாகவே தெரியும். முழு மின்னோட்ட-வோல்ற்றளவு வளைகோட்டையும் வரைந்தால்தான், திறந்த சுற்றை அணுகும் பகுதி சரிந்து கிடப்பது புலப்படும். தூசி படிந்திருந்தால் குறைவது மின்னோட்டமே; வளைகோட்டின் வடிவம் பெரிதும் மாறாது. வெயிலில் கலம் 60 பாகைக்குச் சூடேறினால் வோல்ற்றளவு விழுந்து, வலுவில் சுமார் 12 சதவீதம் போகும். பளிச்சென்ற வெயில் இருந்தும் உற்பத்தி எதிர்பார்த்த அளவுக்கு உயராததற்கு இதுவும் ஒரு காரணம்.

குறையே இல்லாத கலத்துக்கும் உச்சவரம்பு உண்டு. சிலிக்கனில் இலத்திரனை விடுவிக்க 1.12 இலத்திரன்வோல்ற்று ஆற்றல் தேவை. அதற்குக் குறைந்த செங்கீழ் ஒளி பயனின்றிக் கடந்துபோகும். சூரிய ஆற்றலில் இது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அதைவிட ஆற்றல் கூடிய ஒளியில், குறிப்பாக நீல ஒளியில், மிஞ்சும் ஆற்றல் வெப்பமாகிறது; இவ்வகை இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியதிலும் ஒரு பகுதி, இலத்திரன்கள் துளைகளோடு மீண்டும் சேர்வதால் இழக்கப்படுகிறது. இவ்வாறு கணக்கிட்டு ஷொக்லியும் குவைசரும் 1961இல் ஒற்றைச் சந்திக் கலத்தின் எல்லையை வகுத்தனர். இன்றைய கணக்கில் மிகப் பொருத்தமான பொருளுக்கு அது 33.7 சதவீதம். சிலிக்கனின் பிற உள்ளார்ந்த இழப்புகளையும் சேர்த்தால், அதற்கு 29.4 சதவீதம்தான். இதைத் தாண்ட, நீல ஒளி போன்ற ஆற்றல் கூடிய ஒளியைத் தனியே பிடிக்கும் பெரோவ்ஸ்கைட்டு அடுக்கைச் சிலிக்கன்மேல் ஏற்றுகிறார்கள். அந்த அடுக்குக்கும் ஈரம் ஆகாது.