நாலு தறியா, ஒரு தறியா?

1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகுதான் எங்கள் சோமனூர்ப் பக்கத்துச் சிறு விசைத்தறிக்காரர்கள் வங்கிப் படி ஏறத் துணிந்தார்கள். 1974-இல் அண்ணனிடம் 3,000 ரூபாய் சேமிப்பு இருந்தது. பழைய தறி ஒன்றின் விலையும் அதுதான்.

"9,000 கடன் வாங்கினா நாலு தறி போட்டுரலாம், தம்பி" என்றார். வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டும். நான் அப்போது வங்கிக் குமாஸ்தா. இரவு இருவரும் கணக்குப் போட்டோம்.

கூலி நெசவில் ஆள் கூலி, கரண்ட் போகத் தறிக்கு மாதம் 150 நிற்கும். நாலு தறிக்கு 600. 12 சதவீத வட்டியில் 36 மாதத் தவணை என்றால், முதல் மாதம் அசல் 250, வட்டி 90, ஆக 340 கட்ட வேண்டும். மின்வெட்டில் தறி பாதி நேரம் நின்றால் வரவு 300தான். தறி நின்றாலும் தவணை நிற்காது.

கடனே வேண்டாமென்றால், இரண்டாவது தறிக்கு 20 மாதம் சேர்க்க வேண்டும். அன்றைய விலைவாசியில் அதற்குள் தறி விலையும் ஏறிவிடும்.

கடைசியில் ஒரு தறி சேமிப்பில், ஒரு தறி 3,000 கடனில் என்று முடிவானது. முதல் தவணை 113; பாதி நேரம் ஓடினாலும் வரவு 150. பத்திரம் பெட்டியிலேயே இருந்தது. தறியையே ஈடாக ஏற்றார்கள்.

மின்வெட்டு வந்தது. தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. நாலாவது தறிக்கு மட்டும் அண்ணன் எட்டு வருஷம் காத்திருந்தார்.